அட்லாண்டா, பார்சிலோனா: கிட்டத்தட்ட ஒரே மக்கள்தொகை, ஒரே அளவு மெட்ரோ. ஒரு ஊரில் ரயில் நிரம்புகிறது, இன்னொன்றில் எல்லாரும் காரில் போகிறார்கள். ஏன்?

குமரன்_வடபழனி

நகரத் திட்டமிடல் பற்றிப் படிக்கிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு ஒப்பீடு இது. அலன் பெர்டோ என்ற திட்டவியலாளர் இரண்டு நகரங்களையும் ஒரே அளவுகோலில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1990 நிலவரப்படி அட்லாண்டா நகரப் பகுதியில் 25 லட்சம் பேர், பார்சிலோனாவில் 28 லட்சம் பேர். பார்சிலோனாவில் மெட்ரோ 99 கி.மீ., அட்லாண்டாவில் 74 கி.மீ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பார்சிலோனாவில் மொத்தப் பயணங்களில் 30 சதவீதம் பொதுப் போக்குவரத்தில் நடந்தது, அட்லாண்டாவில் 4.5 சதவீதம்தான்.

"அமெரிக்கர்களுக்குக் கார்தான் பிடிக்கும்", "எண்ணெய் கம்பெனிகள் செய்த வேலை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது போதவில்லை. ரயில் ஓடும் இடத்திலேயே இருக்கிறவர்கள்கூட ஏன் ஏறுவதில்லை? விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

தண்டவாளம்

நீங்கள் எழுதியதில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. பார்சிலோனாவின் 28 லட்சம் பேர் 162 சதுர கி.மீ. பரப்பில் இருந்தார்கள். அட்லாண்டாவின் 25 லட்சம் பேர் பரவியிருந்தது 4,280 சதுர கி.மீ.யில். ஒரு ஹெக்டேருக்கு அங்கே 171 பேர், இங்கே 6 பேர்.

இது ரயிலை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரே ஒரு நிலையத்தை வைத்துப் பார்ப்போம். நிலையத்துக்கு நடந்து வருகிறவர்கள் பெரும்பாலும் 600 முதல் 800 மீட்டருக்குள் இருப்பவர்கள்தான். அதற்கு மேல் போனால் எண்ணிக்கை சட்டென்று குறையும். பார்சிலோனாவுக்கு 600 மீட்டர் என்று வைத்து ஒரு வட்டம் போட்டால் பரப்பு 113 ஹெக்டேர். 171 ஆல் பெருக்கினால் சுமார் 19,300 பேர். அட்லாண்டாவுக்குத் தாராளமாக 800 மீட்டர் கொடுப்போம், 201 ஹெக்டேர். 6 ஆல் பெருக்கினால் 1,200 பேர்.

இரண்டு ஊரிலும் மூன்றில் ஒருவர் காலையில் ரயில் ஏறுகிறார் என்று ஒரே அனுமானம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 6,400 பேர், இங்கே 400 பேர். ஒரு முழு ரயிலில் ஆயிரம் பேர் ஏறலாம் என்றால், அட்லாண்டாவின் சராசரி இடத்தில் கட்டிய நிலையம் ஒரு காலைப்பொழுது முழுவதும் சேர்த்து அரை ரயிலைக்கூட நிரப்பாது. ஆனால் நடைமேடை, எஸ்கலேட்டர், சிக்னல், மின்சாரம், காவலாளி எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மக்கள் குறைவு என்பதற்காக நிலையம் மலிவாகி விடாது.

அப்புறம் கூட்டம் குறைந்தால் ரயிலை 5 நிமிடத்துக்கு ஒன்று விட முடியாது, 15, 20 நிமிடத்துக்கு ஒன்று என்றாகிறது. காத்திருப்பு கூடியதும் கார் வைத்திருப்பவர் ஏறமாட்டார். கூட்டம் இன்னும் குறையும்.

பெர்டோ இன்னொரு கணக்கும் போட்டார். பார்சிலோனாவில் 60 சதவீத மக்கள் ஒரு நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் இருந்தார்கள். அட்லாண்டாவில் 800 மீட்டருக்குள் இருந்தவர்கள் 4 சதவீதம். பார்சிலோனா அளவு வசதியை அட்லாண்டாவுக்குக் கொடுக்க வேண்டுமானால் கூடுதலாக 3,400 கி.மீ. தடமும் 2,800 புதிய நிலையங்களும் தேவை. ஷாங்காயின் மொத்த மெட்ரோவே 800 கி.மீ. சுற்றித்தான் இருக்கிறது. நான்கு ஷாங்காய் கட்டி, அதில் 25 லட்சம் பேரை ஏற்ற வேண்டும். யார் ஆட்சிக்கு வந்தாலும் இது நடக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 6 பேர் என்பது சராசரி. அட்லாண்டாவில் ரயில் ஓடும் மிட்டவுன் மாதிரிப் பகுதிகள் அதைவிட நெருக்கமானவை. அங்கே ரயிலுக்கு ஆள் இருக்கிறார்கள். சிக்கல் மீதி 4,000 சதுர கி.மீ.யில்.

மணிமாறன்

தண்டவாளம் சார், கணக்கு சரி. ஆனா நீங்க காரணத்தையும் விளைவையும் மாத்திப் போட்டுட்டீங்க. மக்கள் பரவியிருந்ததால ரயில் வரலேன்னு இல்ல, ரயில் போடாததால மக்கள் பரவினாங்க. ஹைவே போட்டாங்க, ஹைவே ஓரமா வீடு வந்துச்சு. அதே காசுல ரயில் போட்டிருந்தா ரயிலைச் சுத்தி வீடு வந்திருக்கும். அடர்த்தி தானா வரும்.

ஜார்ஜியா_தமிழன்

நான் இருப்பது அட்லாண்டா புறநகரில், க்வின்னெட் கவுண்டி. மணிமாறன் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் இங்கே நடந்தது அதைவிடச் சிக்கலானது. மார்ட்டா என்ற அட்லாண்டா மெட்ரோ ரயிலுக்காக 1971ல் வாக்கெடுப்பு வைத்தபோது ஃபுல்டன், டிகால்ப் இரண்டு கவுண்டிகள்தான் ஒரு சதவீத விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டன. க்வின்னெட்டும் க்ளேட்டனும் மறுத்தன. காப் கவுண்டி 1965லேயே விலகிவிட்டது. அதில் நிறவெறிக்குப் பெரிய பங்கு இருந்தது என்பதை இங்கே எல்லாரும் அறிவார்கள். க்ளேட்டன் 2014ல்தான் சேர்ந்தது. க்வின்னெட்டில் 2019ல் மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள், மறுபடி தோற்றது. ஆகவே வெறும் ஹெக்டேர் கணக்காக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. எங்கள் குடியிருப்பிலிருந்து பெரிய சாலை நேர்க்கோட்டில் 300 மீட்டர்தான். ஆனால் உள்தெருக்கள் எல்லாம் முட்டுச்சந்து. வேலியைத் தாண்ட முடியாது. நடந்தால் ஒன்றரை கி.மீ. சுற்ற வேண்டும். நாளைக்கே அந்தச் சாலையில் நிலையம் கட்டினாலும் நான் காரை எடுத்துத்தான் அங்கே போக வேண்டும்.

தண்டவாளம்

ஜார்ஜியா_தமிழன் சொன்ன முட்டுச்சந்து விஷயத்தைத் திட்ட அறிக்கைகளில் பல நேரம் கோட்டை விடுகிறார்கள். வட்டம் போடுவது காகிதத்தில் சுலபம். மனிதர்கள் தெருவில்தான் நடக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமான கட்டத் தெருக்களில்கூட 800 மீட்டர் நடந்து எட்டக்கூடிய இடம் வட்டமாக இருக்காது, மூலையில் நிறுத்திய சதுரமாக இருக்கும். அதன் பரப்பு 128 ஹெக்டேர். 201 ஹெக்டேர் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. முட்டுச்சந்துக் குடியிருப்பில் வட்டத்தின் கால்வாசிகூட மிஞ்சாத இடங்கள் உண்டு. பார்சிலோனாவின் எய்ஷாம்ப்ளே பகுதிக்கு இல்டெஃபான்ஸ் செர்டா 1859ல் போட்ட திட்டத்தில் ஒவ்வொரு கட்டடத் தொகுதியும் 113 மீட்டர், தெரு 20 மீட்டர். எந்தப் பக்கமும் 133 மீட்டருக்கு ஒரு திருப்பம். மெட்ரோ அங்கே வந்தது 1924ல்தான். ரயிலுக்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துபோகத் தெரு தயாராக இருந்தது.

மணிமாறன், "அடர்த்தி தானா வரும்" என்பதில் "தானா" என்ற சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. இதற்கு வாஷிங்டன் மெட்ரோவில் நல்ல சோதனை நடந்திருக்கிறது. ஒரே நிறுவனம், ஒரே வழித்தடம், ஒரே மாநிலம்.

வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் கவுண்டியில் ஆரஞ்சு தடத்தை முதலில் ஐ-66 நெடுஞ்சாலையின் நடுவில் போடுவதாகத்தான் இருந்தது. அதுதான் மலிவு. கவுண்டி நிர்வாகம் போராடி, சற்றுத் தள்ளி இருந்த பழைய கடைத்தெருவுக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோனது. ராஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள், 1979ல் முடிந்தன. அதோடு விடவில்லை. நிலையத்திலிருந்து சுமார் 400 மீட்டருக்குள் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி, அதைத் தாண்டியதும் உயரம் படிப்படியாக இறங்கி, பழைய தனி வீடுகள் அப்படியே இருக்கும் என்று நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும் மாற்றி எழுதினார்கள். இன்று அந்த ஐந்து நிலையங்களைச் சுற்றி வீடும் அலுவலகமும் நெருக்கமாக நிற்கின்றன. நடந்து வந்து ரயில் ஏறுகிறார்கள்.

அதே தடம் பால்ஸ்டனைத் தாண்டியதும் ஐ-66 நடுவில் ஏறி, 1986ல் வியன்னா வரை போனது. நெடுஞ்சாலை நடுவில் நிலையம் என்றால் வட்டத்தின் மையத்தில் இருக்கும் மிக மதிப்புள்ள நிலத்தைச் சாலையும் அதன் இறக்கங்களும் தின்றுவிடும். மீதி இடத்தில் கார் நிறுத்துமிடம். ரயில் ஒன்றுதான், சுற்றியுள்ள சட்டம்தான் வேறு. அட்லாண்டாவிலும் பல நிலையங்களைச் சுற்றித் தனி வீட்டுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி தொடர்ந்தது. அங்கே அடர்த்தி எங்கிருந்து வரும்?

மணிமாறன்

சரி, "தானா" வாபஸ். ஆனா ஆர்லிங்டன்ல ரயில் வராம இருந்திருந்தா அந்த உயரத்துக்கு அனுமதி கொடுத்தும் யாரும் கட்டியிருக்க மாட்டாங்க. ரெண்டும் சேர்ந்து வரணும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

தண்டவாளம்

ரெண்டும் சேர்ந்துதான். அதில் எனக்கு மறுப்பில்லை.

பீளமேடு_ரவி

எல்லாரும் அமெரிக்கா பத்திப் பேசறீங்க. எங்க கோயமுத்தூருக்கு வாங்க. 20 லட்சம் மக்கள்தொகை இருந்தாத்தான் மெட்ரோன்னு ஒரு பேச்சு இருக்குதுங்க. நகரத்துல அவ்வளவு இல்லீன்னாலும் சுத்துவட்டாரத்தைச் சேர்த்தா தாண்டிடும். அப்ப நமக்கு மெட்ரோ பொருந்தும்னுதானே அர்த்தம்?

தண்டவாளம்

ரவி, இந்த இழையே அந்தக் கேள்விக்கு எதிராகத்தான் நிற்கிறது. 25 லட்சம் இருந்தும் அட்லாண்டாவுக்குப் போதவில்லை. சுற்றுவட்டாரத்தைச் சேர்க்கச் சேர்க்க மக்கள்தொகை கூடும், அடர்த்தி குறையும். நகர எல்லையை எங்கே போடுகிறோம் என்பதை வைத்து ஒரு ரயில் நிரம்பாது.

பார்க்க வேண்டியது தடம். அவிநாசி சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மீ.க்கு ஒரு நிலையம் என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தெருவழியாக 600 மீட்டர் நடந்து எட்டுகிற இடத்தை மட்டும் நிழலிடுங்கள். அதற்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள், கல்லூரியில் எத்தனை மாணவர்கள், மருத்துவமனைக்கு நாள்தோறும் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். குடியிருப்பவர்களை மட்டும் எண்ணுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு பயணத்துக்கு இரண்டு முனை உண்டு. வீட்டுப் பக்கம் ஏதாவது வண்டி பிடித்து நிலையத்துக்கு வந்துவிடலாம், இறங்கிய பிறகு கையில் வண்டி இருக்காது. அதனால் வேலை இருக்கும் முனை நடக்கிற தூரத்தில் இருப்பதுதான் கூடுதல் முக்கியம்.

எண்ணி முடித்ததும் நெருக்கடி நேரத்தில் ஒரு திசையில் ஒரு மணிக்கு எத்தனை பேர் என்று வரும். பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 70 பேர் என்றால் 4,200 பேரைக் கொண்டுபோகலாம். மெட்ரோவில் ஆயிரம் பேர் ரயில் 5 நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே 12,000. உங்கள் எண் நாலாயிரம், ஐந்தாயிரத்தில் நின்றால் பஸ்ஸை முதலில் சரிசெய்யுங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி ரூபாய், கி.மீ.க்குச் சுமார் 530 கோடி. அந்தப் பணத்தைக் காலி நாற்காலிக்குச் செலவிடக் கூடாது.

பீளமேடு_ரவி

நல்லதுங்க, புரியுது. ஆனா உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கி.மீ. மேம்பாலம் வேற வந்துருச்சே. அதே ரோட்டுல இப்ப காரும் மேல போகுது. அது மெட்ரோவுக்கு வர்ற கூட்டத்தைக் குறைக்காதுங்களா?

தண்டவாளம்

குறைக்கும். எவ்வளவு என்பது மேம்பாலத்திலிருந்து இறங்கியபின் வண்டியை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிறுத்த இடம் இலவசமாகக் கிடைக்கும்வரை மேலே போவார்கள்.

சாலைப்பொறி

சாலைப் பக்கமிருந்து பேச ஒருவராவது வேண்டும் இல்லையா. அட்லாண்டா மாதிரி ஊருக்கு எளிய தீர்வு இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே பெரிய கார் நிறுத்துமிடம் கட்டுங்கள். வீட்டிலிருந்து காரில் வந்து ரயிலில் ஏறட்டும். 800 மீட்டர் வட்டம் 8 கி.மீ. வட்டமாகிவிடும். 6 பேர் அடர்த்தியிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ளே வந்துவிடுவார்கள். எதற்கு நகரத்தையே இடித்துக் கட்ட வேண்டும்?

தண்டவாளம்

வட்டத்துக்குள் லட்சம் பேர் இருப்பார்கள், ஆனால் உள்ளே வர நிறுத்துமிடம் ஒரு கதவு மாதிரி நிற்கும். அதன் அகலத்தைக் கணக்கிடுவோம். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் பாதையோடு சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர். 1,000 கார் என்றால் 3 ஹெக்டேர், ஏழு ஏக்கருக்கு மேல். காலையில் வேலைக்குப் போகிற காரில் பெரும்பாலும் ஒருவர்தான், ஆக 1,100 பேர் என்று வைப்போம். அந்த ஏழு ஏக்கரும் ஒரே ஒரு ரயிலை நிரப்பித் தீர்ந்துவிட்டது. ஏழரை மணிக்கு நிறுத்துமிடம் நிரம்பியதும் எட்டு மணிக்கு வருகிறவர் திரும்பி நெடுஞ்சாலையைப் பிடிப்பார். அதோடு காலையில் நிறுத்திய கார் மாலைவரை நகராது. மதியம் 11 மணிக்கும் 2 மணிக்கும் அந்த நிலையத்தில் ஏற ஆள் இருக்காது. நடந்து வருகிறவர்கள் இருக்கும் நிலையத்தில்தான் கடைக்கு, டாக்டரிடம், பள்ளிக்கு என்று நாள் முழுக்கக் கூட்டம் இருக்கும்.

அடுக்குமாடியாகக் கட்டலாம் என்பீர்கள். கட்டலாம். ஆனால் மாலையில் ஒரு ரயிலில் இறங்கும் 150 பேரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினால் வெளியேறும் வழியில் நின்றுகொண்டிருப்பார்கள். மார்ட்டாவே கடைசியில் எட்ஜ்வுட்-கேண்ட்லர் பார்க், கிங் மெமோரியல் மாதிரி நிலையங்களில் கார் நிறுத்துமிடமாக இருந்த நிலத்தில் குடியிருப்பு கட்ட விட்டது. புறநகர்க் கடைசி நிலையத்துக்கு நிறுத்துமிடம் சரி. நடுநிலையத்துக்கு அது நஷ்டம்.

சாலைப்பொறி

கடைசி நிலையத்துக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள், அது போதும். ஆனால் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பரந்த ஊரில் கார் வெறும் ஆடம்பரம் இல்லை. அங்கே வீடு ஒரு மூலை, வேலை இன்னொரு மூலை, பள்ளி மூன்றாவது மூலை. எல்லாரும் ஊர் நடுவுக்குப் போவதில்லை. அட்லாண்டாவின் கட்டடப் பரப்பில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 137 கி.மீ., பார்சிலோனாவில் 37. ஆயிரம் பேர் ஆயிரம் வெவ்வேறு இடத்திலிருந்து ஆயிரம் வெவ்வேறு இடத்துக்குப் போனால் எந்த ரயில் பாதையும் அவர்களைச் சேர்க்க முடியாது. காரால் முடியும். அந்த ஊருக்கு அது சரியான கருவி.

தண்டவாளம்

முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். இந்த இழையில் எழுதியதிலேயே முக்கியமான வரி அது. ரயிலுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டம் என்பது ஒரே நேரம், ஒரே திசை.

அதே கணக்கைத் திருப்பியும் போடலாம், ஏன் பார்சிலோனாவில் காரை நம்ப முடியாது என்று. ஹெக்டேருக்கு 171 பேர், வீட்டுக்கு இரண்டரை பேர் என்றால் 68 குடும்பம். அமெரிக்கா மாதிரி வீட்டுக்கு இரண்டு கார் என்றால் 136 கார். 30 சதுர மீட்டர் வீதம் 4,000 சதுர மீட்டருக்கு மேல். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர்தான். நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வீட்டுக் காருக்கு மட்டும் போய்விட்டது. அலுவலகத்தில் நிற்க, கடையில் நிற்க, ஓட இன்னும் இடம் வேண்டும். மக்களை வெளியேற்றினால்தான் காருக்கு இடம் கிடைக்கும். அட்லாண்டாவில் ஹெக்டேருக்கு ஐந்து கார்கூட இல்லை, 150 சதுர மீட்டரில் முடிந்துவிடும். யாருக்கும் உறுத்தாது.

ஓடும் பாதையும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 காரைத் தாங்கும். நான் மேலே சொன்ன 12,000 பேருக்கு ஒரு திசையில் மட்டும் ஆறு தடம் தேவை. எய்ஷாம்ப்ளேயில் தெருவின் மொத்த அகலமே 20 மீட்டர்.

ஸ்கார்பரோ_சிவா

நீங்கள் எல்லாரும் ரெண்டு நுனியைத்தான் கதைக்கிறியள். நடுவில ஒரு வழி இருக்கு. இஞ்சை டொரோண்டோவில ஸ்கார்பரோ பார்சிலோனா மாதிரி நெருக்கம் இல்லை, தனி வீடுகள்தான் கனக்க. எண்டாலும் சனம் சப்வேக்கு வருது. எப்படியெண்டால் பஸ்.

பழைய காணி அளவைப்படி பெரிய வீதிகள் கிட்டத்தட்ட ரெண்டு கி.மீ.க்கு ஒண்டு, நேர்கோடாப் போகும். ஒவ்வொரு வீதியிலும் ஒரு பஸ், கன வீதிகளில பத்து நிமிசத்துக்குள்ள அடுத்தது வரும். வீதி ஓரத்தில மாடிக் குடியிருப்புகள், உள்ளுக்குத் தனி வீடுகள். பஸ் ஸ்டேசனுக்கு வெளியில நிக்காது, நேரா உள்ளுக்கே வரும். இறங்கிக் கீழ போனால் ரயில், திரும்ப டிக்கெட் இல்லை. 1968ல வார்டன் வரைக்கும், 1980ல கென்னடி வரைக்கும் லைன் வந்தது. அந்த ஸ்டேசன்களைச் சுத்தி நடக்கிற தூரத்தில பெரிசாச் சனம் இல்லை. நிரப்புறது பஸ்தான்.

தண்டவாளம்

சிவா, அருமையான எடுத்துக்காட்டு. அது அட்லாண்டாவில் ஏன் நடக்கவில்லை என்று பார்த்தால் மறுபடி அதே எண்ணில்தான் வந்து நிற்கிறது. 5 கி.மீ. பஸ் தடம், இரண்டு பக்கமும் 400 மீட்டர், மொத்தம் 400 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 30 பேர் என்று ஒரு நடுத்தரப் புறநகரை வையுங்கள்: 12,000 பேர். ஐந்தில் ஒருவர் காலை மூன்று மணி நேரத்தில் பஸ் ஏறினால் 2,400. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் 18 பஸ், பஸ்ஸுக்கு 133 பேர். கொள்ளாது, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஆக்க வேண்டும். ஆக்கினால் இன்னும் பேர் வருவார்கள். ஹெக்டேருக்கு 6 பேர் என்றால் 2,400 பேர்தான். அடிக்கடி வராத பஸ்ஸில் பத்தில் ஒருவர் ஏறினாலே அதிகம்: 240. அதே 18 பஸ்ஸுக்கு 13 பேர் வீதம். ஓட்டுநர் சம்பளத்துக்கே கட்டாது. பஸ்ஸை அரை மணிக்கு ஒன்றாகக் குறைப்பார்கள், அதோடு ரயில் இணைப்பு போச்சு. நான் வைத்த விகிதங்கள் அனுமானம்தான், மாற்றிப் போட்டுப் பாருங்கள், இடைவெளி மூடாது.

கூடவே ஜார்ஜியா_தமிழன் சொன்ன முட்டுச்சந்து. அங்கே பஸ் நேராகப் போகவும் தெரு இல்லை, தடத்துக்கு நடந்து வரவும் வழி இல்லை. ஸ்கார்பரோவைக் காப்பாற்றுவதில் பாதி அந்த நேரான வீதிகள்.

லதா_வரைபடம்

ஒரு எச்சரிக்கை. எல்லாரும் சராசரி அடர்த்தியை வைத்தே பேசுகிறீர்கள். அது ஏமாற்றும். 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பில் நகரப் பகுதிகளிலேயே அதிக சராசரி அடர்த்தி எதற்குத் தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸுக்கு. சதுர கி.மீ.க்குச் சுமார் 2,700 பேர். நியூயார்க் நகரப் பகுதி சுமார் 2,050தான். ஆனால் சப்வே ஊர் நியூயார்க், கார் ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ்.

நியூயார்க்கில் மன்ஹாட்டன் ஒரு மலை மாதிரி உயர்ந்து நிற்கிறது, நியூஜெர்சிப் பக்கம் போகப் போகத் தட்டையாகி ஒன்றுமில்லாமல் ஆகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் எங்கு பார்த்தாலும் ஒரே உயரத்தில் பரந்து கிடக்கிறது. வேலை இடங்களும் அப்படியே சிதறியிருக்கின்றன. சாலைப்பொறி சொன்ன ஆயிரம் இடத்திலிருந்து ஆயிரம் இடத்துக்கு என்ற சிக்கல் அங்கேயும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஊரின் மொத்த எண்ணைக் காட்டி யாராவது மெட்ரோ வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் நம்பாதீர்கள். தடம்தடமாக, நிலையம்நிலையமாகப் பாருங்கள்.

தண்டவாளம்

சரியான திருத்தம். ரவிக்கு நான் சொன்னதும் அதைத்தான், நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். கோபன்ஹேகனை 1947லேயே ஐந்து விரல் மாதிரித் திட்டமிட்டார்கள். ரயில் பாதை ஓரமாக மட்டும் வீடு, விரல்களுக்கு இடையில் வயலும் காடும். மொத்தப் பரப்பால் வகுத்தால் எண் சிறியது, பாதை ஓரத்தில் எண்ணினால் பெரியது.

குமரன்_வடபழனி

நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கேள்வி மிச்சம். இந்தக் கணக்குப்படி நம் ஊர்களில் மெட்ரோ பிதுங்கி வழிய வேண்டும். நெருக்கத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறவர்கள்கூட டூவீலரை எடுக்கிறார்களே?

தண்டவாளம்

டூவீலர் இந்த ஒப்பீட்டில் இல்லாத ஒரு வண்டி. காருக்கு வேண்டிய இடத்தில் ஆறு, ஏழு டூவீலர் நிற்கும். அதனால் நெருக்கமான ஊர் காரைத் தடுக்கிற மாதிரி அதைத் தடுப்பதில்லை. நேரத்தையும் பாருங்கள். 6 கி.மீ. பயணம். மெட்ரோவில் நிலையத்துக்கு நடக்க 10 நிமிடம், பாதுகாப்புச் சோதனை தாண்டி நடைமேடைக்குப் போக 4, காத்திருக்க 4, ஓட 11, இறங்கி நடக்க 10. மொத்தம் 39. டூவீலர் நெரிசலில் மணிக்கு 20 கி.மீ. போனாலும் 18 நிமிடம். ரயில் தோற்கிறது. 20 கி.மீ. பயணம் என்றால் மெட்ரோ 64, டூவீலர் 60, ஏறக்குறைய சமம், வெயிலும் மழையும் தூசியும் சேர்ந்தால் ரயில் ஜெயிக்கும். குறுகிய பயணத்துக்கு ரயிலை ஓட்டும் நேரத்தைக் குறைப்பதில் பலனில்லை. 39ல் 28 நிமிடம் ரயிலுக்கு வெளியேதான் போகிறது.

லதா_வரைபடம்

அந்த 28ஐக் குறைப்பது எப்படி என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். நடைபாதை போட்டால், கூடுதல் நுழைவாயில் வைத்தால் 10 நிமிட நடை 7 ஆகலாம். ஆனாலும் 18க்கு வராது. வேலை இடத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கினால் தவிர டூவீலர்க்காரர் மாறமாட்டார்.

மணிமாறன்

டூவீலர் ஓட்டறவங்க கிட்டப் போய்க் கட்டணம் வாங்கறது அநியாயம். காருக்கு முதல்ல வாங்குங்க. ரோட்டுல இலவசமா நிக்கிற காரை எடுத்தாலே பஸ் வேகமா போகும், பஸ்ஸே நிலையத்துக்கு ஆளைக் கொண்டுவரும்.

லதா_வரைபடம்

காருக்கு முதலில் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் அது மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. 6 கி.மீ. பயணத்தில் போட்டி காரோடு இல்லை.

பீளமேடு_ரவி

அவிநாசி ரோட்டுல லட்சுமி மில்ஸ்ல இருந்து ஹோப் காலேஜ் வரைக்கும் அந்த 600 மீட்டர் நிழலை வரைஞ்சு பாக்கலாம்னு இருக்கேனுங்க. தெரு வழியா அளக்கணும்னு சொன்னீங்க. ரோட்டைக் குறுக்கே கடக்க முடியாத இடத்தை எப்படிக் கணக்கில எடுக்கறதுங்க?

லதா_வரைபடம்

சிக்னல் அல்லது நடைமேம்பாலம் இருக்கும் புள்ளிகளை மட்டும் கடக்கும் வழியாக வையுங்கள். நடுத்தடுப்பு தொடர்ச்சியாக இருக்கும் இடங்களில் எதிர்ப்பக்கத்தைத் துண்டித்து அளங்கள். நடைமேம்பாலம் ஏறி இறங்க 100 மீட்டர் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வரைவை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.